சவூதி வேலைக்குப் போகிறவரின் டாக்குமென்ட் பைலைச் சரிபார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டு வேலைக்கான பைல் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் காகிதங்களை எண்ணிப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட் இருக்கிறது, விசா இருக்கிறது, மெடிக்கல் இருக்கிறது, அக்ரிமென்ட் இருக்கிறது, சரி என்று மூடிவிடுவார்கள். அப்படி எண்ணிக்கை சரியாக இருந்த பைல்களே ஸ்டாம்பிங்கில் திரும்பி வருவதும், ஆள் ஏர்போர்ட் கவுண்டர் வரை போய் வீடு திரும்புவதும் நடக்கிறது. ஒரு காகிதத்தில் உள்ள பாஸ்போர்ட் எண் இன்னொன்றில் இருக்காது. அல்லது இன்றைக்கு உயிரோடு இருக்கும் காகிதம் புறப்படும் நாளில் காலாவதியாகியிருக்கும். சரிபார்ப்பு என்பது இந்த இரண்டையும் பிடிக்கிற வேலைதான்.

தமிழ்நாட்டிலிருந்து சவூதி அரேபியாவுக்கு ஐடிஐ படித்த டெக்னீஷியன் ஒருவர் முதன்முறையாகப் போகிறார் என்று வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். வீட்டு வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் விதிகள் வேறு. அவற்றை இங்கே கலக்கவில்லை.

முதல் படி: பைலைத் திறக்கும் முன் ஒரு தாளில் நான்கு விஷயங்கள்

பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து அதன் எண்ணை எழுதுங்கள். அதில் உள்ளபடியே பெயரை ஆங்கில எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். அப்புறம் இரண்டு தேதிகள்: விசாவுக்கு பைல் கொடுக்கப்போகும் தேதி, விமானம் ஏறப்போகும் தேதி. டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் ஏஜென்சி சொல்லும் உத்தேசத் தேதியை எடுத்து, அதோடு ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் தேதி தள்ளிப் போகுமே தவிர முன்னால் வராது.

இனி பைலில் வரும் ஒவ்வொரு காகிதத்தையும் இந்தத் தாளோடுதான் ஒப்பிட வேண்டும். இன்றைய தேதியை மறந்துவிடுங்கள். மெடிக்கல் ரிப்போர்ட், விசாவுக்கு பைல் கொடுக்கும் நாளில் செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட், விமானம் ஏறும் நாளில். ஒவ்வொரு காகிதத்துக்கும் அது பயன்படும் நாள்தான் அளவுகோல்.

இரண்டாம் படி: பாஸ்போர்ட்

பயண நாளில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். ஸ்டாம்புக்கு வெற்றுப் பக்கங்கள் இருக்கிறதா, போட்டோ பக்கத்தின் லேமினேஷன் எங்காவது பிரிந்திருக்கிறதா, தண்ணீர் பட்டு எழுத்து ஊறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசாகப் பிரிந்த லேமினேஷன் நமக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். இமிகிரேஷனில் அது திருத்தப்பட்ட பாஸ்போர்ட் என்ற சந்தேகம்.

பெயர்தான் நம்மூர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி. மார்க் ஷீட்டில் கே. செல்வம் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து செல்வம் கருப்பையா என்று வந்திருக்கும். சிலருக்கு சர்நேம் கட்டம் காலியாகவே இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் இனி அவருடைய பெயர். விசா, மெடிக்கல், அக்ரிமென்ட், டிக்கெட் எல்லாம் அந்த எழுத்துகளோடு, அந்த வரிசையில் இருக்க வேண்டும். மார்க் ஷீட் மட்டும் இனிஷியலோடு இருப்பதில் பெரிய சிக்கல் இல்லை. பிறந்த தேதியும் தந்தை பெயரும் ஒத்துப்போனால் போதும். பிறந்த தேதி ஒரு நாள் மாறியிருந்தாலும் அதைக் குறைபாட்டுப் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, முகவரி அச்சிட்டிருக்கும் பின்பக்கத்தைத் திருப்புங்கள். இசிஆர், அதாவது ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’ என்ற குறிப்பு இருக்கிறதா? அடுத்த படி முழுக்க அதைப் பற்றித்தான்.

மூன்றாம் படி: இசிஆரா, இசிஎன்ஆரா

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இசிஆர் குறிப்புள்ள பாஸ்போர்ட்டோடு குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். பேச்சு வழக்கில் பிஓஇ கிளியரன்ஸ். சவூதி, எமிரேட்ஸ், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் இல்லை.

பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இசிஆர் தேவையில்லை. அவர் இசிஎன்ஆர், அதாவது இந்த அனுமதி வேண்டாத வகை. ஆனால் பலர் பாஸ்போர்ட் எடுக்கும்போது மார்க் ஷீட்டைக் காட்டாமல் விட்டிருப்பார்கள். அதனால் ஐடிஐ முடித்தவர் கையிலும் இசிஆர் பாஸ்போர்ட் இருக்கும். அதைப் பார்த்ததும் உடனே புது பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லாதீர்கள். இசிஆரை நீக்குவதென்றால் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்ய வேண்டும், மறுவெளியீட்டில் எண் மாறும். விசா ஏற்கெனவே பழைய எண்ணில் வந்துவிட்டது என்றால், எண்ணை மாற்றிய அந்த நிமிடமே விசா, மெடிக்கல், பயோமெட்ரிக் எல்லாம் வேறு ஆளுடைய காகிதங்கள் மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட நிலையில் இசிஆராகவே விட்டு, கிளியரன்ஸ் வாங்கிப் போவதுதான் புத்திசாலித்தனம். விசா வேலை இன்னும் தொடங்கவில்லை, அல்லது வேறு காரணத்துக்காக பாஸ்போர்ட்டை எப்படியும் மாற்றியாக வேண்டும் என்றால் மட்டும் அதோடு சேர்த்து இசிஆரையும் நீக்கலாம்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். இசிஆர் என்றால் கேவலம் என்று ஒரு நினைப்பு ஊரில் இருக்கிறது. கிளியரன்ஸ் வழியில் போகிறவருடைய அக்ரிமென்டை அரசுத் தரப்பில் ஒருவர் பார்க்கிறார், இன்ஷூரன்ஸ் கட்டாயமாகிறது, கம்பெனியின் பெயர் அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவாகிறது. இசிஎன்ஆர் ஆனதும் இந்தப் பார்வை நின்றுவிடும். தன் அக்ரிமென்டைத் தானே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான்காம் படி: ஏஜென்சி

காகிதங்களுக்குள் நுழையும் முன் இதை முடித்துவிடுவது நல்லது. அக்ரிமென்டிலோ ரசீதிலோ இருக்கும் ஏஜென்சி பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் emigrate.gov.in தளத்தில் உள்ள பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் பட்டியலில் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, முகவரி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஊரில் வந்து பைல் வாங்கிப் போகும் சப்-ஏஜென்டுக்குச் சட்டப்படி எந்த இடமும் கிடையாது. அவர் ஒரு நல்ல ஏஜென்சியின் விசிட்டிங் கார்டை நீட்டலாம். அந்த ஏஜென்சிக்கே போன் போட்டு இந்த விசாவும் இந்த ஆளும் உங்களுடையதா என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பணம் கட்டியிருந்தால் ரசீதையும் பைலில் தேடுங்கள். ஏஜென்சி வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டு ரசீதே இல்லை என்றால், ‘ரசீது இல்லை’ என்பதையும் குறைபாடாக எழுதுங்கள்.

ஐந்தாம் படி: விசாவும் அக்ரிமென்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து

இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் தப்பு தெரியாது. மேஜையில் பக்கத்தில் வைத்து மூன்று விஷயங்களை ஒப்பிட வேண்டும்: முதலாளி அல்லது கம்பெனியின் பெயர், வேலையின் பெயர், தொழிலாளியின் பாஸ்போர்ட் எண்.

2023 மே முதல் இந்தியாவில் சவூதி விசா ஸ்டிக்கராக ஒட்டப்படுவதில்லை. கியூஆர் குறியீட்டோடு ஒரு தாளாக வருகிறது. போனில் ஸ்கேன் செய்தால் அது திறக்கும் முகவரி சவூதி வெளியுறவு அமைச்சகத்துடையதா (visa.mofa.gov.sa) என்று முகவரிப் பட்டையில் பாருங்கள். பார்க்க அச்சு அசலாக இருந்து வேறு எங்கோ திறக்கும் தாள் போலி. விசா வகை வேலை விசாவா என்பதையும் வாய்விட்டுப் படியுங்கள். “விசிட்ல போ, அங்க போய் மாத்திக்கலாம்” என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த பைலை அதோடு மூடி வைக்கலாம்.

வேலையின் பெயரில்தான் அதிக வில்லங்கம். பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏசி டெக்னீஷியன், ஆட்டோ எலக்ட்ரீஷியன் போன்ற வேலைகளுக்கு சவூதி அரசின் திறன் சரிபார்ப்புத் தேர்வை இந்தியாவிலேயே எழுதித் தேற வேண்டும். தக்கமோல் டெஸ்ட் என்று சொல்வார்கள். இந்தத் தேர்வைத் தவிர்ப்பதற்காகவே சில ஏஜென்டுகள் டெக்னீஷியனை ‘லேபர்’ விசாவில் அனுப்புவார்கள். அக்ரிமென்டில் ஏசி டெக்னீஷியன், விசாவில் லேபர். அங்கே போனதும் இகாமா என்ற குடியிருப்பு அட்டையில் ஏறுவது விசாவில் உள்ள வேலைதான். பெர்மிட்டில் உள்ள வேலையை விட்டு வேறு வேலையில் ஒருவரை வைத்திருப்பது சவூதி தொழிலாளர் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி விதிமீறல். சோதனை வந்தால் சிக்குவது தொழிலாளிதான். சம்பளத் தகராறு வந்தாலும் அவருடைய கை கட்டப்பட்டிருக்கும். வேலையின் பெயர் விசாவில் அரபியில் இருந்தால், அரபி தெரிந்த ஒருவரை அந்த ஒரு வரியை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்கள்.

அக்ரிமென்டில் இரு தரப்புக் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் இருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் தனியாக, சாப்பாடு, தங்குமிடம், ஓவர்டைம் தனியாக எழுதியிருக்க வேண்டும். “மொத்தம் 1,800 ரியால்” என்று ஒரே எண்ணாக இருந்தால் ஓவர்டைமையும் அதற்குள் அடக்கிவிட வழி இருக்கிறது. ஆள் சேர்க்கும் செலவு, இகாமா, வொர்க் பெர்மிட் கட்டணங்கள் முதலாளியுடையவை என்று அந்த நாட்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. அவற்றைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று ஒரு வரி உள்ளே இருந்தால் அதைக் கோடிட்டு வையுங்கள். அரபியும் ஆங்கிலமும் இருபுறமும் அச்சிட்டிருந்தால், வழக்கு என்று வரும்போது அரபிப் பக்கம்தான் செல்லும். இரு பக்கத்திலும் எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையாவது பாருங்கள்.

ஆறாம் படி: மெடிக்கல், பயோமெட்ரிக்

மெடிக்கல் wafid.com வழியாக ஒதுக்கப்பட்ட மையத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய ஆட்கள் இன்னும் கம்கா மெடிக்கல் என்றுதான் சொல்வார்கள். காகிதத்தை நம்பாமல் அதே தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். ‘ஃபிட்’ என்று வர வேண்டும். ரிப்போர்ட்டிலேயே காலாவதித் தேதி இருக்கும், அதுதான் கணக்கு. ‘ரெண்டு மாசம் இருக்கும் சார்’ என்ற வாய்க்கணக்கு வேண்டாம். மெடிக்கலைச் சீக்கிரம் எடுத்து வைப்பதில் லாபமில்லை. விசா வேலை இழுக்கும்போது அதுதான் முதலில் காலாவதியாகும்.

பயோமெட்ரிக் சென்னையிலேயே கொடுக்கலாம். கொடுத்ததற்கான ரசீது பைலில் இருந்தால் போதும்.

ஏழாம் படி: இன்ஷூரன்ஸ், கிளியரன்ஸ்

இது இசிஆர் பாஸ்போர்ட்காரருக்கு மட்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் மரணம் அல்லது நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம். அக்ரிமென்ட் எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டுக்கு பாலிசி இருக்க வேண்டும். நாமினி பெயரைக் கட்டாயம் பாருங்கள். கல்யாணமானவருக்கு நாமினி கட்டத்தில் யாரோ ஒரு நண்பர் பெயர் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

கிளியரன்ஸ் எல்லாவற்றுக்கும் கடைசி. இமைகிரேட் தளத்தில் அதன் நிலையைப் பார்க்கலாம். அதில் ஏறியிருக்கும் கம்பெனி, வேலை, சம்பளம் மூன்றும் தொழிலாளியின் கையில் உள்ள அக்ரிமென்டோடு ஒத்துப்போகிறதா என்பது முக்கியம். கிளியரன்ஸுக்கு ஒரு அக்ரிமென்ட், கையில் கொடுப்பது வேறொன்று என்று இரண்டு வைத்திருப்பவர்கள் உண்டு.

ஒரு பைலை முழுசாகப் பார்ப்போம்

அறந்தாங்கிப் பக்கத்து ஏசி மெக்கானிக் ஒருவர். பைல் நம் கைக்கு வருவது மார்ச் 12. விசாவுக்குக் கொடுப்பது மார்ச் 25, விமானம் ஏப்ரல் 10, டிக்கெட் போட்டாகிவிட்டது என்று ஏஜென்சி சொல்லியிருக்கிறது.

பாஸ்போர்ட் செப்டம்பர் 28இல் முடிகிறது. இன்றிலிருந்து எண்ணினால் ஆறு மாதமும் 16 நாளும் இருக்கிறது. யாரும் சரி என்பார்கள். ஏப்ரல் 10இலிருந்து எண்ணினால் அக்டோபர் 10 வரை வேண்டும். 12 நாள் குறைகிறது. பின்பக்கத்தில் இசிஆர், ஆனால் பைலில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அசலாக இருக்கிறது. மெடிக்கல் பிப்ரவரியில் எடுத்தது, ஃபிட். காலாவதி ஏப்ரல் 8. விசா கொடுக்கும் தேதிக்குள் இருக்கிறது. அக்ரிமென்டில் ஏசி டெக்னீஷியன், கம்பெனி முத்திரை இல்லை. விசா இன்னும் அடிக்கவில்லை. கம்பெனி அனுப்பிய அனுமதிக் காகிதத்தில் வேலை ‘லேபர்’. தக்கமோல் சான்றிதழ் இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லை. பணம் கட்டிய ரசீது இல்லை.

பட்டியல் இப்படி வரும்:

| காகிதம் | நிலை | என்ன குறை | யார் சரிசெய்வது |
|---|---|---|---|
| பாஸ்போர்ட் | பயண நாளில் போதாது | ஆறு மாதத்துக்கு 12 நாள் குறைவு | தொழிலாளி |
| இசிஆர் குறிப்பு | நீக்கலாம் | பத்தாம் வகுப்பு தேறியவர் | தொழிலாளி, மறுவெளியீட்டோடு சேர்த்து |
| மெடிக்கல் | தேதி சரி, பயன்படாது | பாஸ்போர்ட் எண் மாறப்போகிறது | தொழிலாளி, புது எண்ணில் |
| விசா அனுமதி | பொருந்தவில்லை | லேபர் என்று உள்ளது | கம்பெனி, ஏஜென்சி வழியாக |
| அக்ரிமென்ட் | முழுமையில்லை | முத்திரை இல்லை, பழைய பாஸ்போர்ட் எண் | கம்பெனி |
| திறன் சான்றிதழ் | இல்லை | தேர்வு எழுதவில்லை | தொழிலாளி |
| இன்ஷூரன்ஸ், கிளியரன்ஸ் | இல்லை | இசிஆர் நீங்கினால் கட்டாயமில்லை | பாஸ்போர்ட் வந்தபின் முடிவு |
| பண ரசீது | இல்லை | தொகையும் தெரியவில்லை | ஏஜென்சி |

‘இல்லை’, ‘காலாவதி’ என்று இரண்டே வார்த்தையில் பட்டியலை முடித்திருந்தால் இந்த பைலில் மெடிக்கல் தப்பியிருக்கும். தேதி சரியாக இருந்தும் பயன்படாத காகிதம், பொருந்தாத காகிதம் என்று தனித்தனியாக எழுதுவது அதனால்தான்.

இப்போது வரிசை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் பாதி வேலை வீணாகும். முதலில் கம்பெனியிடம் கேட்க வேண்டியது விசா வேலையை ஏசி டெக்னீஷியனாக மாற்றுவார்களா என்பது. மாட்டோம் என்றால் மீதிச் செலவு எதையும் செய்ய வேண்டாம். இந்த வேலையை விட்டுவிடலாமா என்று அவர் முடிவு செய்யட்டும். சரி என்றால் பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. விண்ணப்பத்தில் இசிஎன்ஆர் தகுதி கேட்கும் இடத்தில் ‘ஆம்’ என்று கொடுத்து, மார்க் ஷீட் அசலைக் கையில் கொண்டுபோக வேண்டும். அதை மறந்தால் புது பாஸ்போர்ட்டும் இசிஆராகவே வரும்.

புது எண் கையில் வந்தபிறகே திறன் தேர்வுக்குப் பதிவு, புது எண்ணில் திருத்திய அக்ரிமென்ட், விசா விண்ணப்பம். மெடிக்கலை விசா கொடுக்கும் தேதி உறுதியான பிறகு எடுத்தால் போதும். ஏப்ரல் 10 டிக்கெட்டை இப்போதே தேதி மாற்றச் சொல்லுங்கள். இந்த வேலைகள் அதற்குள் முடியாது. ‘பாஸ்போர்ட் பரவாயில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்று ஏஜென்சி சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

புறப்படும் முன் ஒரு தடவை

விசா வந்த பிறகு முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, புது பாஸ்போர்ட் எண்ணோடு எல்லாவற்றையும் மறுபடி ஒப்பிடுங்கள். பழைய எண் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் பெரும்பாலும் டிக்கெட்டும் அக்ரிமென்டும்தான்.

பிறகு மூன்று செட் நகல். ஒன்று அவருடைய கைப்பையில். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டாலும் அந்த எண்ணும் விசா எண்ணும் அவரிடம் இருக்க வேண்டும். இன்னொன்று போனில், படமாக. மூன்றாவது வீட்டில், மனைவியிடமோ அம்மாவிடமோ. அந்த மூன்றாவது செட்டில் கம்பெனியின் முழுப் பெயர், அங்குள்ள முகவரி, ஏஜென்சி லைசென்ஸ் எண், இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் பாலிசி எண் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஏதாவது ஆகி வீட்டார் புகார் கொடுக்கப் போனால், முதலில் கேட்கப்படுவது இவைதான்.